பன்னிரண்டாம் விதி இருந்த இடம்

மலாக்காவில், காஜா பேராங்கில் சேதுராமன் வீடு எது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். கேள்விக் கிராணி வீடு என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தப் பெயர் வந்த அன்று நான் எங்கள் சங்கக் கூடத்தில் இருந்தேன். அவருக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவன் நான். தொழிலாளர் சகாய சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை எழுதி வந்தவனும் நான்தான். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி கண்ணால் கண்டது. மற்றது அவர் மனைவி ருக்மணி அம்மாள் பின்னால் சொன்னது.

சேதுராமனின் தகப்பனார் நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்தவர். மகனை மலாக்கா டவுனுக்கு அனுப்பி ஆங்கிலம் படிக்க வைத்தார். பள்ளி முடித்த கையோடு சேதுராமன் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராகச் சேர்ந்தார். ஜப்பான்காரன் காலம் போக, அங்கேயே காலம் முழுக்க இருந்தார். நிலக் கிரயம், குத்தகை, உயில், கூட்டு வியாபார ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் முதல் வரைவு அவருடையது. சிவந்த மேனி, ஒல்லியான உடம்பு, முழங்கைவரை மடித்த வெள்ளைச் சட்டை. பேசும்போது அடுத்தவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார். ருக்மணி அம்மாள் உப்பு வாங்கி வரச் சொன்னாலும், "உப்பு, கல் உப்புதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

ஆபீசில் வேலை நடக்கும் முறையை அவர் எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறார். கட்சிக்காரர் வக்கீலிடம் வந்து சொல்வதைக் குறித்துக்கொண்டு சேதுராமன் வரைவு எழுதுவார். நீளமான பத்திரம் ஒரே நாளில் முடியாது. கட்சிக்காரர் மறுபடி வருவார். அதைச் சேர், இதை மாற்று என்பார். சில சமயம், போன மாதம் சொன்னதற்கு நேர்மாறாக ஒன்று சொல்வார். மாறாகச் சொல்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. அப்படி இரண்டு சொல் மோதும் இடத்தில் சேதுராமன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு பெருக்கல் குறி போடுவார். அதைப் பார்த்ததும் வக்கீல் கட்சிக்காரரைக் கூப்பிட்டு, அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே, இப்போது எது உங்கள் மனதில் இருக்கிறது என்று கேட்டுவிடுவார்.

"புதுசாச் சொன்னதுதான் செல்லும்னு எடுத்துக்க முடியாதா?" என்று நான் கேட்டேன்.

"சில பேர் மனசு மாறித்தான் சொல்றாங்க. சில பேர் பழசை மறந்துட்டுச் சொல்றாங்க. தாளைப் பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆளைக் கேட்டாத்தான் தெரியும்," என்றார்.

இதை அவர் சொன்னது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில். அவருக்கு இது தெரியாமல் இல்லை என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

சகாய சங்கத்துக்குக் காஜா பேராங்கில் சொந்தமாக ஒரு பலகை வீடு இருந்தது. முன்பக்கம் கூட்டம் நடத்தும் கூடம். பின்பக்கம் நான்கு அறைகள். குடும்பம் இல்லாத வயதான தொழிலாளிகள் அந்த அறைகளில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மருதமுத்து. முனிசிபல் ரோட்டு வேலையில் தார் ஊற்றியே முதுகு வளைந்தவர். மனைவியும் ஒரே மகளும் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக் காலத்தில் அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். அவருக்கென்று இருந்தது அந்த அறையும், அறை வாசலில் தகர டின்களில் வளர்த்த கறிவேப்பிலைச் செடிகளும்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் கறிவேப்பிலை அவரிடம்தான். காசு வாங்க மாட்டார். ஆனால் கேட்காமல் கிள்ளினால் திட்டுவார்.

ஐம்பத்தேழாம் ஆண்டுத் தொடக்கத்தில், சங்கத்தின் பழைய இரண்டு பக்க விதிகள் போதாது, முறையாகப் புதிய விதிகள் எழுதிப் பதிய வேண்டும் என்று முடிவானது. எழுதும் பொறுப்பு சேதுராமனுக்கு வந்தது. கூலி இல்லை. தமிழில் எழுதிக் கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு ஆங்கிலத்தில் டைப் அடித்துப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று சொல்பவர் தலைவர் தம்பிராஜா. இரண்டு லாரி வைத்திருந்தவர், நல்ல மனிதர், வாய் பெரியது. வீடு சங்கத்துக்குக் கிடைக்க அலைந்தவர் அவர்தான்; அதனால் அவர் சொன்னால் செயற்குழு தலையாட்டும்.

முதல் கூட்டத்தில் அவர் சொன்ன முதல் விஷயமே அறைகளைப் பற்றியது. இப்போது அறைகளில் இருப்பவர்களை யாரும் எந்தக் காலத்திலும் வெளியேற்றக் கூடாது. சாகும்வரை அவர்கள் அங்கேயே இருக்கலாம். சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும். கூட்டம் கலைந்ததும் பின்பக்கம் போய் மருதமுத்துவிடமும் மற்ற மூவரிடமும் அதைத் தம் வாயாலேயே சொன்னார். சேதுராமன் எழுதிய வரைவில் அது பன்னிரண்டாம் விதி.

அதன் பிறகு பல மாதம் வேலை நீண்டது. ஞாயிறு பிற்பகல்களில் கூடினார்கள். ஒவ்வொரு தடவையும் தம்பிராஜா புதிதாகச் சில சொல்வார். சேதுராமன் வரைவைத் திருத்திக்கொண்டு வருவார். முதல் இரண்டு கூட்டங்களில் விதிகளை முழுதாக வாசித்தார்கள். விதிகள் முப்பதைத் தாண்டியதும் உறுப்பினர்கள் கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். இனிப் புதிதாக எழுதியதையும் மாற்றி எழுதியதையும் மட்டும் வாசித்தால் போதும் என்று தலைவர் சொல்லிவிட்டார். அது நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள்.

சேதுராமன் கேள்விகளோடு வருவார். அது அவர் தொழில் பழக்கம். ஆனால் இங்கே வக்கீல் இல்லை. பென்சில் குறியைப் பார்த்துக் கேட்பதற்கு நடுவில் ஆள் இல்லை. தாமே எழுந்து எல்லார் முன்னாலும் கேட்க வேண்டும். ஜூன் மாதக் கூட்டம் ஒன்றில் ஐந்தாறு கேள்வி கேட்டார். கூட்ட அறிவிப்பைத் தபாலில் அனுப்புவதா, ஆள் மூலம் கொடுப்பதா? பொருளாளர் ஊரில் இல்லாவிட்டால் கையெழுத்து யார்? செயலாளர் என்று எழுதுவதா, காரியதரிசி என்று எழுதுவதா? முதல் இரண்டுக்கும் தம்பிராஜா பொறுமையாகப் பதில் சொன்னார். மூன்றாவதில் சிரித்தார்.

"ஐயா, பதினாலு வருஷமா லாரி ஓட்டுறேன். எந்த லாரியும் ரோட்டைப் பாத்து எந்தப் பக்கம் போகணும்னு இத்தனை கேள்வி கேட்டதில்லை. நீங்க எழுதுங்க. எங்களுக்கு எழுதுற கிராணி வேணும், கேள்விக் கிராணி வேணாம்."

கூடமே சிரித்தது. சேதுராமனும் சிரித்தார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த கூட்டங்களில் அவர் எழுந்து நின்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா வந்தது, மலாயாவுக்குச் சுதந்திரம். பாடாங் திடலில் கூட்டம், ஊர்வலம், கடைத்தெருவெல்லாம் கொடி. எங்கள் சங்க வாசலிலும் தம்பிராஜா கொடிக்கம்பம் நட்டார். அடுத்த சில வாரம் ஊரில் பேச்செல்லாம் பிரஜா உரிமையைப் பற்றித்தான். யாருக்குக் கிடைக்கும், எந்தப் பத்திரம் வேண்டும், எங்கே வரிசை நிற்க வேண்டும்.

அக்டோபர் கூட்டத்தில் தம்பிராஜா புதிய உற்சாகத்தோடு வந்தார். எங்கிருந்தோ வந்தவர்கள் சங்கத்தில் சேர்ந்து, ஓட்டுப் போட்டு, பதவியைப் பிடித்துக்கொள்ளும் கதை வேறொரு ஊரில் நடந்ததாக அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்பது ஒன்று. சுதந்திர நாட்டுச் சங்கம் என்று தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. அதனால், உறுப்பினர் என்றால் பிரஜை என்று எழுதச் சொன்னார். உறுப்பினர் அல்லாதவருக்குச் சங்கத்திலும் சங்க வீட்டிலும் எந்த உரிமையும் இல்லை.

"விதிவிலக்கு அது இதுன்னு ஒட்டுப் போடாதீங்க. சுத்தமா இருக்கணும்," என்றார்.

உறுப்பினர் என்ற சொல்லுக்கு விளக்கம் இரண்டாம் விதியில் இருந்தது. அங்கே ஒரு வரி மாறினால், அந்தச் சொல் வரும் எல்லா விதிகளும் தாமாகவே மாறிவிடும். வரைவு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் சேதுராமன் வீட்டில் உட்கார்ந்து, முதல் விதியிலிருந்து ஒவ்வொன்றாக, புதிய வரி எதை எதைத் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டில் நின்றார்.

அறைகளில் இருந்த நால்வரில் மூவர் மலாக்காவிலேயே பிறந்து பிரஜைகளானவர்கள் அல்லது ஏற்கெனவே பத்திரம் வாங்கியவர்கள். மருதமுத்து மட்டும் இரண்டும் இல்லை. சிறு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பன்னிரண்டாம் விதி, அவர் சாகும்வரை இருக்கலாம் என்றது. புதிய கட்டளை, அவர் உறுப்பினரே அல்ல, வீட்டில் உரிமை இல்லை என்றது.

ருக்மணி அம்மாள் சொன்னது: அன்று மாலை கோப்பி ஆறிப்போகும்வரை அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். என்ன என்று கேட்டதற்குச் சொல்லியிருக்கிறார். தலைவர் வீடு பக்கத்துத் தெருதானே, போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அம்மாள் சொல்லியிருக்கிறார்.

"விதிவிலக்கு வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. யோசிக்காமயா சொல்லியிருப்பாரு? இதையும் போய்க் கேட்டா, பாரு கேள்விக் கிராணி வந்துட்டாருன்னுவாரு," என்றாராம்.

அவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. போய்க் கேட்கலாம். அல்லது இரண்டு விதிகளையும் அப்படியே விட்டு, மோதல் வெளியே தெரியும்படி கூட்டத்தில் வாசிக்கலாம். அப்போது யாராவது இது என்ன என்று கேட்டிருப்பார்கள். மூன்றாவது, எது செல்லும் என்று தாமே தீர்மானித்து மற்றதை எடுத்துவிடுவது. மோதலோடு ஒரு வரைவைக் கொடுப்பது அவர் கைக்கு வராத காரியம். உறுப்பினர்களான மற்ற மூவர் அறையில் இருப்பதற்கு வேறு ஒரு விதியே இடம் தந்தது. ஆகவே பன்னிரண்டு இருந்து பயன் இல்லை, இருந்தால் தலைவரின் சொல்லுக்கு மாறு. எடுத்துவிட்டார். பதின்மூன்று பன்னிரண்டாகி, பதினான்கு பதின்மூன்றாகி, கடைசிவரை எண்கள் ஒவ்வொன்றாகக் கீழிறங்கின. பிற விதிகளில் அந்த எண்கள் வரும் இடங்களையும் தேடித் திருத்தினார். ஒன்றுகூடத் தவறவில்லை. அவ்வளவு நேர்த்தியாகச் செய்தார்.

அடுத்த கூட்டத்தில் வழக்கப்படி புதிதாக எழுதியதையும் மாற்றியதையும் வாசித்தார். உறுப்பினர் விளக்கத்தை வாசித்தபோது தம்பிராஜா மேசையைத் தட்டி ஆமோதித்தார். எடுத்துவிட்ட விதியை எப்படி வாசிப்பது? வாசிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பின்வரிசையில் மருதமுத்துவும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டிசம்பரில் பொதுக்கூட்டம் விதிகளை ஏற்றது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பதிவும் ஆனது.

அந்த ஆண்டில் மருதமுத்து பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த முதல் வருடத்தில் வயதானவர்களுக்கு மலாய் மொழிச் சோதனைகூட இல்லாமல் கொடுத்தார்கள். சங்கப் பொருளாளர் அப்துல் கய்யூம், பசாரில் மசாலாக் கடை வைத்திருந்தவர், அவரைத் தம்மோடு கூட்டிப் போவதாகவே சொன்னார். மருதமுத்து அசையவில்லை.

"எனக்கு எதுக்கு பாய் பத்திரம்? சாகிற வரைக்கும் அறை இருக்கு. தலைவரே வந்து சொல்லிட்டாரு. செத்தப்புறம் எந்த நாட்டுப் பிரஜைன்னு எவன் கேக்கப் போறான்?" என்றாராம். கய்யூம் பாயும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அந்தப் பேச்சு நடந்தபோது விதி போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. இது சேதுராமன் காதுக்கு அப்போது வரவில்லை. வந்திருந்தால் நிச்சயம் வாய் திறந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

ஐம்பத்தொன்பதில் கருணாகரன் என்ற இளைஞர் செயலாளர் ஆனார். அரசாங்க ஆபீசில் வேலை, சுறுசுறுப்பு, கெட்ட எண்ணம் இல்லாதவர். உறுப்பினர்களுக்கு மாலையில் மலாய் வகுப்பு நடத்த ஓர் அறை வேண்டும் என்று விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தார். வீட்டில் உறுப்பினர் அல்லாதவர் தங்கக் கூடாது என்றிருந்தது. என் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்; மருதமுத்து பெயருக்கு நேரே பிரஜா பத்திர எண் இல்லை. மருதமுத்துவுக்கு ஒரு நோட்டீஸ் எழுதி அறைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போனார். ஒரு மாதத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

மருதமுத்துவுக்குப் படிக்கத் தெரியாது. தாள் ஏதாவது வந்தால் அவர் கொண்டு போவது சேதுராமனிடம்தான். அன்றும் கொண்டு வந்தார். நான் என் வீட்டு வாசற்படியில் இருந்தேன். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலிதான்.

"ஐயா, புதுச் செயலாளர் தம்பி ஏதோ எழுதி வச்சிட்டுப் போயிருக்கு. வகுப்புக்கு வரச் சொல்லுதா?"

சேதுராமன் வாங்கிப் படித்தார். பிறகு மறுபடி படித்தார். அதில் இருப்பதைச் சொன்னார். மருதமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார்.

"தலைவர் சாகிற வரைக்கும்னு சொன்னாரே. நீங்ககூட எழுதினீங்களே. அது எங்க போச்சு?"

"அதை நான்தான் எடுத்துட்டேன்."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் எடுக்கச் சொல்லலை," என்றார் சேதுராமன். "தலைவர் வேற ஒண்ணு சொன்னாரு. ரெண்டும் ஒத்துப் போகலை. அதனால எடுத்துட்டேன்."

மருதமுத்து தாளுக்காகக் கையை நீட்டினார். "ஒத்துப் போகலைன்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, ஐயா," என்றார். அவ்வளவுதான். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சேதுராமன் அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு தம்பிராஜா வீட்டுக்குப் போனார். அந்த வாரமே செயற்குழு கூடியது. தம்பிராஜா கத்தினார். மருதமுத்துவை வெளியேற்றச் சொல்ல எவனுக்கு அதிகாரம் என்றார். கருணாகரன் விதிப் புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

"இது நான் சொன்னதே இல்லை," என்றார் தம்பிராஜா.

கய்யூம் பாய் தலையை அசைத்தார். "ரெண்டையும் நீங்கதான் சொன்னீங்க, தலைவரே. மாசியில ஒண்ணு, மெர்டேக்காவுக்கு அப்புறம் ஒண்ணு. ரெண்டும் முட்டிக்கும்னு நீங்க பாக்கலை, நாங்களும் பாக்கலை. பாத்தவரு இவரு ஒருத்தர்தான்."

எல்லாரும் சேதுராமனைப் பார்த்தார்கள்.

தம்பிராஜாவின் குரல் இறங்கிவிட்டது. "நான் ஓட்டுக்காகச் சொன்னேன், கிராணி. வெளி ஆளு வந்து நாற்காலியைப் பிடிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அந்தக் கிழவன் எனக்கு ஞாபகத்திலயே இல்லை. கேட்டிருந்தா வெளியே போகட்டும்னா சொல்லியிருப்பேன்?"

கேள்விக் கிராணி என்று பெயர் வைத்தது நீங்கள்தானே என்று சேதுராமன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தம்பிராஜா தலை குனிந்திருப்பார். சொல்லவில்லை. செயலாளர் என்பதா காரியதரிசி என்பதா என்று எழுந்து கேட்டவர், கேட்டே ஆக வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு கேலியைக் காரணமாகக் காட்ட அவர் மனம் ஒப்பவில்லை என்று நினைக்கிறேன்.

செயற்குழு தானாக எந்த விதியையும் தள்ளி வைக்க முடியாது என்று ஒரு விதி இருந்தது. யாரும் வளைக்கக் கூடாது என்று தம்பிராஜா கேட்டு, சேதுராமன் எழுதிய விதி அது. திருத்த வேண்டுமானால் முறையாக அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு பதிவு அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அதுவரை நோட்டீஸை நிறுத்தி வைப்பதாகக் கருணாகரனே சொன்னார். அவருக்கும் முகம் வாடிவிட்டது. வகுப்பைக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

இதைச் சொல்லப் பின்பக்கம் போனோம். அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. மருதமுத்து முந்தின நாளே போய்விட்டார். நகரத்துக்கு வெளியே பத்து பெரெண்டாம் என்ற ஊரில் பழைய ரோட்டு வேலைக் கூட்டாளி ஒருவருக்குச் சிறிய ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே ஒரு கொட்டகையில் தங்கப் போவதாகப் பக்கத்து அறைக்காரரிடம் சொல்லியிருந்தார். செடிகளை யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

திருத்தத்தை எழுதியது சேதுராமன்தான். வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று தம்பிராஜா சொன்னபோது, இல்லை, நானே எழுதுகிறேன் என்றார். பழைய பன்னிரண்டாம் விதியை அப்படியே திரும்பப் போட முடியாது. அதில் 'இப்போது வசிப்பவர்கள்' என்றிருந்தது. இப்போது மருதமுத்து அங்கே வசிக்கவில்லை. ஆகவே முதல் கூட்டம் நடந்த தேதியில் வசித்தவர்கள் என்று மாற்ற வேண்டியிருந்தது. இடையில் வெளியேறியிருந்தாலும் திரும்ப வரலாம் என்று சேர்க்க வேண்டியிருந்தது. உறுப்பினர் விளக்கத்தில் என்ன சொல்லியிருந்தாலும் இந்த விதி செல்லும் என்றும் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். இதுதானா உங்கள் எண்ணம்? இது இன்னின்ன விதியோடு மோதுகிறது, எது நிற்க வேண்டும்? யாரும் சிரிக்கவில்லை. விதிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். இருட்டும்வரை ஆனது, ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருமனதாக ஏற்றார்கள்.

பதிவு அலுவலகத்தின் சம்மதம் வர அறுபதாம் ஆண்டு பாதி ஆகிவிட்டது. வந்த ஞாயிற்றுக்கிழமையே சேதுராமன், கய்யூம் பாய், நான் மூவரும் பஸ் ஏறிப் பத்து பெரெண்டாம் போனோம். கொட்டகை ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. கூரை அத்தாப்பு ஓலை, தரையில் ஈரம். மருதமுத்துவின் முதுகு முன்னைவிட வளைந்திருந்தது. இருமல் வந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, பால் இல்லாத தேநீர் போட்டுக் கொடுத்தார். கோப்பைகள் மூன்றுதான் இருந்தன. தாம் தகரக் குவளையில் குடித்தார்.

சேதுராமன் புதிய விதியை வாசித்துக் காட்டினார். மருதமுத்து கவனமாகக் கேட்டார். பிறகு, இதை மாற்ற முடியுமா என்று கேட்டார்.

எந்த விதியையும் பொதுக்கூட்டம் மாற்றலாம் என்றார் சேதுராமன். பொய் சொல்ல அவருக்கு வராது.

"அப்ப வேணாம், ஐயா," என்றார் மருதமுத்து. "நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. குத்தம் சொல்லலை. ஆனா நாளைக்கு ஒருத்தர் வேற ஒண்ணு சொல்வாரு. அவருக்கும் என் ஞாபகம் இருக்காது. இங்க எழுத்து கிடையாது. கூட்டாளி இருன்னான், இருக்கேன். போன்னா, என் மூஞ்சைப் பாத்துத்தான் சொல்லணும்."

கய்யூம் பாய் நெடுநேரம் எடுத்துச் சொன்னார். இருமலுக்கு மலாக்கா மருத்துவமனை பக்கம் என்றார். தலைவர் தாமே லாரி கொண்டு வருவார் என்றார். மருதமுத்து ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார், எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது, "நான் கேட்டிருக்கணும், மருதமுத்து," என்றார் சேதுராமன்.

"ஆமா," என்றார் மருதமுத்து.

அதற்குப் பிறகு சேதுராமன் மாதம் ஒருமுறையாவது பத்து பெரெண்டாம் போய்வருவார். அரிசி, புகையிலை, இருமல் மருந்து கொண்டு போவார். மருதமுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். மழைக்காலம் வந்தபோது இருமல் நெஞ்சுச் சளியாகிவிட்டது. கூட்டாளி அவரை மருத்துவமனைக்குக் கொண்டு வந்து சேர்த்த இரண்டாம் நாள் இறந்துபோனார். சங்கம்தான் அடக்கம் செய்தது. உறுப்பினர் அல்லாதவருக்கு அடக்கச் செலவு செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை.

சேதுராமன் அதன் பிறகும் பல வருடம் வக்கீல் ஆபீசில் இருந்தார். ஊரில் பல சங்கங்களுக்கு விதிகள் எழுதிக் கொடுத்தார். கேள்விகளால் எல்லாரையும் களைப்படைய வைத்தார். முன்னால் சொன்னதற்கு மாறாக யாராவது ஒன்று சொன்னால், அந்த இடத்திலேயே பேனாவை மூடி வைத்துவிடுவார். பதில் வரும்வரை திறக்க மாட்டார். சிலர் எரிச்சல்பட்டு வேறு கிராணிகளிடம் போனார்கள். பெயரைச் சொல்லிக் கேலி செய்தவர்களும் இருந்தார்கள். அதெல்லாம் அவரைத் தொடவில்லை.

ஒருமுறை நான் அவருக்கு ஆறுதலாக ஏதோ சொன்னேன். உங்கள் பேச்சைக் கேட்டுத் திருத்தினார்களே, இனி யாருக்கும் அப்படி நடக்காதே என்றேன்.

"அந்த விதி நாலு பேருக்காக எழுதினது," என்றார். "அதுல மூணு பேருக்கு அது தேவையே இல்லை."

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.